தொழிலுக்குப் பெயர் வைக்கும் முன் சொல்ல வேண்டியவை

கேள்வி: சொந்தமாக ஒரு தொழில் தொடங்கப் போகிறேன். வேறு யாரும் வைத்திராத நல்ல பெயராக ஒன்று சொல்லுங்கள் சார்.

பதில்: என்ன தொழில் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் ஒரு பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட வழியில்லை. காரணம், பெயர் உரிமை தொழிலை ஒட்டித்தான் கிடைக்கிறது.

கர்நாடகப் பால் கூட்டுறவு இணையம் 1985 முதல் 'நந்தினி' என்ற பெயரில் பால் விற்கிறது. 1989-ல் பெங்களூரில் 'நந்தினி டீலக்ஸ்' உணவகம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாலும் உணவகமும் வேறு வேறு, எழுத்தும் சின்னமும்கூட ஒன்றல்ல, வாங்குகிறவர் குழம்ப மாட்டார் என்று 2018-ல் தீர்ப்பானது. பாலையும் பால் பொருட்களையும் விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு உணவகம் தன் பெயரைப் பதியலாம். ஆக, ஒரே பெயரை இருவர் நியாயமாக வைத்திருக்க முடியும். வணிகச் சின்னப் பதிவில் 45 வகுப்புகள் உண்டு; 34 வரை பொருட்கள், மீதி சேவைகள். உங்கள் தொழில் எதில் வருகிறதோ அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

நீங்கள் சொல்லாததால் நானே ஒரு தொழிலை வைத்துக்கொள்கிறேன்: காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் 29-ஆம் வகுப்பு. அதே செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயாக விற்றால் 3. பிண்ணாக்கை மாட்டுத் தீவனமாக மூட்டை கட்டினால் 31. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையத்தில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். அதனால் இன்று விற்பதை மட்டுமல்ல, அடுத்து என்ன விற்பீர்கள் என்பதையும் யோசித்துத்தான் பெயரைத் தேட வேண்டும்.

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 'சுத்தம் மரச்செக்கு எண்ணெய்', 'காங்கேயம் ஆயில்ஸ்' மாதிரிதான். இரண்டும் தேறாது. பொருளின் தரத்தையோ வகையையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயரை வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். பக்கத்துத் தெருச் செக்குக்காரரும் 'சுத்தம்' என்று எழுத உரிமை உள்ளவர்தானே! பொருளோடு தொடர்பில்லாத பெயர்தான் நிற்கும். 'தூக்கணாங்குருவி' என்று வைத்துப் பார்ப்போம். எண்ணெய்க்கும் குருவிக்கும் சம்பந்தமில்லை, அதுவே அதன் பலம்.

ஆனால் வாங்குகிறவர் யார்? ஊர்க்காரர்கள் தமிழில் பலகையைப் படித்துவிட்டு வாங்குவார்கள் என்றால் அந்த நீளம் ஒரு பொருட்டே இல்லை. தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் இருந்தாக வேண்டும் என்பது விதியும்கூட. சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ இருப்பவர் போனில் தேடி வாங்க வேண்டும் என்றால் சிக்கல். Thookanam, Tookanang, Thukkanan என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். அப்போது 'குருவி' போதும். சுருக்கிய பெயர் வேறு பலருக்கும் தோன்றியிருக்கும் என்பதால் தேடல் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தேடுவதற்கு வணிகச் சின்னங்களைப் பதியும் அரசுத் துறையின் ipindia.gov.in தளத்தில் Public Search என்ற பகுதி இருக்கிறது, கட்டணம் கிடையாது. Wordmark-ல் Contains என்று வைத்து, வகுப்பு எண் 29 கொடுத்து, kuruvi, guruvi இரண்டையும் போடுங்கள். பிறகு Phonetic-ல் ஒருமுறை. அப்படியே இல்லாவிட்டாலும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் பெயர் சிக்கினால் அதுவும் ஆபத்துதான். கைவிடப்பட்டது, மறுக்கப்பட்டது என்று காட்டும் விண்ணப்பங்களைப் பார்த்தும் உடனே நிம்மதி அடைய வேண்டாம். அந்த ஆள் இன்னும் கடை நடத்திக்கொண்டிருக்கலாம். பதிவே செய்யாமல் உங்களுக்கு முன்பிருந்து தொடர்ந்து அந்தப் பெயரில் விற்கிறவருக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆகவே கூகுள் மேப்பிலும் சந்தையிலும் ஒரு சுற்று விசாரியுங்கள். உங்கள் முதல் பில்லையும் லேபிளையும் தேதியோடு எடுத்து வையுங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் அவைதான் சாட்சி.

ஜிஎஸ்டி சான்றிதழில் பெயர் வந்துவிட்டது, இனி என்னுடையதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது வரிக்கான அடையாளம். பிரைவேட் லிமிடெட் ஆகப் பதிந்தாலும் இதே கதைதான்: அதே பெயரில் இன்னொரு கம்பெனி வராமல் தடுக்கும், பாட்டிலில் அந்தப் பெயரை ஒட்டும் உரிமையைத் தராது. விண்ணப்பித்த பிறகு ™ போட்டுக்கொள்ளலாம். ® குறியைப் பதிவு முடிந்த பிறகே போட வேண்டும், முன்பே போடுவது குற்றம்.

அடுத்த கடிதத்தில் நான்கு விவரம் எழுதுங்கள்: முதலில் என்ன விற்பீர்கள், பிறகு என்ன சேர்ப்பீர்கள், வாங்குகிறவர் எந்த ஊரில், எந்த மொழியில் தேடுவார், உங்கள் மனதில் ஏற்கெனவே இருக்கும் பெயர்கள் எவை. கடைசியாகக் கேட்டது எல்லோரிடமும் இருக்கும், கூச்சப்படாமல் அனுப்புங்கள்.