கோட் பாக்கெட்டில் கத்தரி படுவதற்கு முன்னால்

கேள்வி: "மகனின் கல்யாண வரவேற்புக்கு கோட் தைக்கக் கொடுக்கிறோம். 'பாக்கெட் மூடி வைத்தா, மூடி இல்லாமலா, மேலே ஒட்டித் தைக்கவா?' என்று கடையில் கேட்கிறார்கள். அப்புறம் ஆபீஸுக்கும் அதையே போடுவான். போன வருஷம் வாங்கிய ரெடிமேட் கோட்டில் பாக்கெட் திறக்கவே இல்லை. அது ஏமாற்று வேலையா?" – ஒரு வாசகி, ஈரோடு.

மூடி வைத்த பாக்கெட் என்றே சொல்லுங்கள் அம்மா. ஆனால் வாயின் மேலும் கீழும் மெல்லிய பட்டி வைத்து, நடுவிலிருந்து மூடி வரும்படி தைக்கச் சொல்ல வேண்டும். பட்டறையில் அந்தப் பட்டியை 'போன்' என்றும் மூடியை 'ஃபிளாப்' என்றும் சொல்வதால், இதை 'டபுள் போன், ஃபிளாப்' என்போம். இப்படித் தைத்தால் வரவேற்பு மேடையில் மூடியை உள்ளே செருகிவிடலாம், பாக்கெட் ஒரு கோடாக மட்டும் தெரியும். ஆபீஸுக்குப் போகும்போது வெளியே இழுத்து விட்டுக்கொள்ளலாம்.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்பீர்கள். பாக்கெட் எந்த அளவுக்கு வெளியே தெரிகிறதோ, அந்த அளவுக்கு அது உழைக்கிற உடுப்பு. மேலே ஒட்டித் தைக்கும் பேட்ச் பாக்கெட் கண்டக்டர் சட்டையிலும் ஜீன்ஸின் பின்பக்கத்திலும் இருப்பது அதனால்தான். அதில் கனமானதைப் போடலாம், பிய்ந்தால் மறுபடி தைக்கலாம். அமெரிக்காவில் ரெனோ என்ற ஊரின் டெய்லர் ஜேக்கப் டேவிஸ், பேன்ட் பாக்கெட்டின் மூலைகள் கிழியாமலிருக்கச் செம்பு ஆணி அடித்துக் கொடுத்தார். துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். ஜீன்ஸ் பாக்கெட் ஓரத்தில் இன்றும் நீங்கள் பார்க்கிற பித்தான் மாதிரியான பொட்டு அதுதான்.

மூடி வெளியில் நடமாடுகிறவருக்கானது. தூசியும் மழையும் உள்ளே போகாது. சில கோட்டுகளில் மூடி சாய்வாக இருக்கும். அது குதிரையேற்றக்காரர்கள் சேணத்தில் உட்கார்ந்தபடி கைவிடுவதற்காக வந்தது. மூடியே இல்லாத வெறும் போன் பாக்கெட் இரவு விருந்துக்குப் போடும் கோட்டுக்கு உரியது. அதைப் போடுகிறவர் பாக்கெட்டில் எதையும் சுமக்கப் போவதில்லை. மார்பில் ஒரே பட்டியாக, ஏறக்குறைய ஓர் அங்குல உயரத்தில் நிற்பது கைக்குட்டைக்கு. உங்கள் மகன் அந்தக் கீழ்ப் பாக்கெட்டில் செல்போனையும் சாவியையும் போடத்தான் போகிறார், அதனால்தான் மூடி வைக்கச் சொல்கிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. போன் பாக்கெட் என்றால் கோட்டின் முன்பக்கத் துணியையே கிழித்துத் தைப்பது. வாய் 6 அங்குலம் என்றால், பின்னால் ஃபியூசிங் என்கிற, இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணியை ஒட்டி, பட்டிகளை வைத்து, அரை அங்குல இடைவெளியில் இரண்டு தையல் ஓட்டுவோம். நடுவில் கத்தரியால் வெட்டிக்கொண்டே போய், முனைக்கு அரை அங்குலம் இருக்கும்போது மேலும் கீழுமாகக் கவட்டை போலப் பிரித்து வெட்ட வேண்டும். கடைசித் தையலுக்கு ஒரே ஓர் இழை மிச்சம் இருக்கும்போது கத்தரி நின்றாக வேண்டும். முன்னாலேயே நின்றால் மூலையில் சுருக்கம் விழும். தாண்டிவிட்டால் ஓட்டை. அதற்கப்புறம் முன்பக்கம் முழுவதையும் மாற்றுவது தவிர வழியில்லை. முப்பது வருஷமாக வெட்டுகிறேன், அந்தக் கடைசி இழைக்கு வரும்போது இன்றும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

ஆகவே முதல் டிரையலில் உங்கள் மகன் கோட்டைப் போட்டுப் பார்க்கும்போது பாக்கெட் வெட்டப்பட்டிருக்கக் கூடாது. சாக்பீஸ் கோடோ குண்டூசியோ மட்டும் இருக்க வேண்டும். அவர் நின்று, கையைத் தொங்கவிட்டு, இயல்பாக எங்கே கை போகிறது என்று பார்த்து, கோடு சரி என்ற பிறகே கத்தரி.

நடைமுறையில் இது நடப்பதில்லை. துணி வாங்கினால் தையல் இலவசம் என்கிற கடைகளிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அங்கே பெரும்பாலும் உள்ளே டெய்லர் இருக்க மாட்டார். அளவு எடுப்பவர் ஒருவர், நடுவில் கமிஷன் எடுப்பவர் ஒருவர், தைப்பவர் எங்கோ பீஸ் ரேட்டில். கோட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர் டிரையலுக்காகக் காத்திருந்தால் அன்றைய கூலி போச்சு. முதலிலேயே பாக்கெட்டை வெட்டிவிடுவார், பின்னால் வைக்க வேண்டிய ஃபியூசிங்கையும் மிச்சம் பிடிப்பார். நான் முதலில் வேலை பார்த்த கடையில் அப்படித்தான் செய்தார்கள். ஆறே மாதத்தில் பாக்கெட் வாய் பிளந்து வந்த கோட்டுகளுக்கு நான்தான் பதில் சொன்னேன். ரசீதில் துணி எத்தனை மீட்டர் என்று வருகிறது, தையல் என்ற இடத்தில் 'கோட் 1' என்று மட்டும் எழுதுகிறார்கள். உள்ளே என்ன வைத்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறவர்கள் ஒரு வரி எழுத என்ன கஷ்டம்? நீங்களே எழுதச் சொல்லுங்கள்: 'டபுள் போன், ஃபிளாப், பின்னால் ஃபியூசிங், டிரையலுக்குப் பின் வெட்டு.' எழுத மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இதற்கெல்லாம் ஒரு விலக்கு உண்டு. துணி லினனோ கதரோ என்றால் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நெசவு தளர்வாக இருந்தால் அந்தக் கவட்டை வெட்டில் உருவாகும் சின்ன முக்கோணத்தில் இழை நிற்காது, பாக்கெட்டில் கை போகப் போக உருவிக்கொண்டு வந்துவிடும். கண்டுபிடிப்பது சுலபம். துணியின் வெட்டு ஓரத்தை நகத்தால் நாலைந்து தடவை சுரண்டிப் பாருங்கள். மூன்று நான்கு இழை தானாகக் கழன்றால், அந்தத் துணியைக் கிழிக்காமல் பேட்ச் பாக்கெட் வைப்பதுதான் நல்லது. வாயின் இரண்டு மூலைக்கும் உள்பக்கமாகச் சின்னத் துண்டுத் துணி கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள், இழுவிசையை அது வாங்கிக்கொள்ளும். கடைக்காரர் 'ஃபியூசிங் ஒட்டினால் சரியாகிவிடும்' என்பார். வெட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஓர் அங்குலம் தாண்டி ஒட்டினால் ஓரளவு தாங்கும், ஆனால் ஒட்டிய இடம் மட்டும் விறைப்பாகத் தெரியும். ஆபீஸில் கதர் கோட்டுக்குப் பேட்ச் பாக்கெட் பொருத்தமாகவே இருக்கும். வரவேற்புக்கும் அதே கோட் வேண்டுமானால் துணியை மாற்றுங்கள்.

பேன்டுக்கு, வாய் சாய்வாக வரும் கிராஸ் பாக்கெட் போதும். உட்கார்ந்தபடி கைவிட அதுதான் வசதி.

அந்த ரெடிமேட் கோட்டை ஏமாற்று என்று முடிவு செய்யாதீர்கள். தொங்கவிடும்போதும் அனுப்பும்போதும் பாக்கெட் வாய் தொய்யாமலிருக்க, நீளநீளமான தளர் தையல் போட்டு மூடுவது வழக்கம். முதலில் உள்பக்க லைனிங்கின் மேல் கை வைத்துத் தடவுங்கள். பின்னால் பை போல இரண்டு அடுக்குத் துணி தட்டுப்பட்டால் பாக்கெட் நிஜம். எதுவும் தட்டுப்படாமல், வாய் நெடுகப் பொடித்தையலாக இருந்தால் அது வெறும் அலங்காரம், பிரித்தால் ஓட்டைதான் மிஞ்சும். நிஜம் என்றால் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, நடுவில் உள்ள நூலைச் சின்னக் கத்தரியின் முனையால் தூக்கி வெட்டி, ஓரத்தை நோக்கி ஒவ்வொன்றாக உருவுங்கள். பிளேடு வேண்டாம், பட்டியில் பட்டுவிடும். இரண்டு மூலையிலும் நெருக்கமாக ஒரு தையல் இருக்கும். அது பாக்கெட்டைத் தாங்குகிற தையல், அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.