சத்தி, வயிற்றோட்டம் வரும்போது எத்தனை மணிக்கு ஒருக்கால் சீனி பார்ப்பது?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறா. இன்று காலையிலிருந்து காய்ச்சல், சத்தி, வயிற்றோட்டம். வீட்டில் மெஷின் இருக்கிறது. எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பார்க்க வேணும்? இரவில் எழுப்ப வேணுமா?

பொதுவாக நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இன்சுலின் போடுகிறவர் என்றால் இரண்டிலிருந்து நாலு மணித்தியாலத்துக்குள். இரவிலும் அப்படித்தான், எழுப்புங்கள். நான் டொக்டர் இல்லை, திருகோணமலையில் மாமியாரைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் மருமகள். ஆனால் இந்தக் கேள்விக்கு மணிக்கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நாலு மணித்தியாலம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் என் மாமியை நாங்கள் பறிகொடுத்திருப்போம்.

உங்கள் அம்மா எந்தக் குளிசை போடுகிறா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்றவை உடம்பிலிருந்து இன்சுலினைச் சுரக்கவைக்கும் குளிசைகள். நீங்கள் சாப்பிட்டீர்களா, சத்தி எடுத்தீர்களா என்று அவற்றுக்குத் தெரியாது. விழுங்கியாயிற்று என்றால் பல மணித்தியாலம், சிலது அரை நாளுக்கும் மேல், வேலை செய்துகொண்டே இருக்கும். மெட்போமின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது மிகக் குறைவு. அவர்களுக்குக் கவலை வேறு: நீர் வற்றும்போது அந்தக் குளிசையை நிறுத்திவைக்க வேண்டும், அதை டொக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மாமிக்குக் கிளிக்லசைட்டும் மெட்போமினும். அன்று பின்னேரம் காய்ச்சல் தொடங்கியது. ஏழு மணிக்கு இரவுக் குளிசையைப் போட்டுக் கொஞ்சம் கஞ்சி குடித்தா. எட்டரைக்குக் கஞ்சி முழுவதும் சத்தியாக வந்துவிட்டது, கூடவே வயிற்றோட்டம். பத்து மணிக்குப் பார்த்தேன், 254. காய்ச்சல் நேரத்தில் உடம்பு சுரக்கும் ஹோர்மோன்கள் சீனியை ஏற்றும், அதனால் அந்த எண்ணில் புதுமை ஒன்றும் இல்லை. வந்திருந்த மச்சாள் சொன்னா, "இவ்வளவு கூட இருக்குது, இனிக் காலையில பார்ப்பம், பாவம் மனிசி படுக்கட்டும்" என்று.

நான் விடவில்லை. குளிசை உள்ளே இருக்கிறது, சாப்பாடு வெளியே போய்விட்டது. ஏற்றிவிடுவதும் இறக்கிவிடுவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது, எது வெல்லும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தேன், 187. திரும்ப இரண்டு மணிக்கு 102.

இந்த 102 தான் நான் சொல்ல வந்தது. கிளினிக் கொப்பியில் 102 என்று எழுதினால் மிஸி பாராட்டுவா. அன்று இரவு அது நல்ல எண் இல்லை, ஏனென்றால் அது 187-இலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் அங்கே வந்து நின்றது. அதே வேகத்தில் போனால் அடுத்த மணித்தியாலத்துக்குள் 70-க்குக் கீழே. முக்கால் மணித்தியாலத்தில் மறுபடி குத்தினேன், 63.

மாமி அப்போது வியர்த்துப் போய்ச் சோர்ந்து படுத்திருந்தா. பரசிற்றமோல் போட்டுக் காய்ச்சல் விடும்போதும் அப்படித்தான் வியர்க்கும், வயிற்றோட்டத்திலும் அப்படித்தான் சோர்வு வரும். பார்வையில் வித்தியாசம் காணவே முடியாது. "இரவில் வயசான மனிசியை ஏன் குத்திக் குத்தி எழுப்பினாய்" என்று பிறகு கேட்டவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். இங்கேயும் யாராவது அதைக் கேட்பார்கள் என்று தெரியும், கேட்கட்டும்.

மூன்று தேக்கரண்டி சீனியைக் கொஞ்சத் தண்ணியில் கரைத்துக் கொடுத்தேன். பதினைந்து நிமிடத்தில் 81. ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்ப 66. சீனித் தண்ணி கரைந்து முடிந்துவிடும், குளிசை முடியாது. அதுதான் காரணம். சீனி கொடுத்தும் மறுபடி இறங்கினால் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் வேலை இல்லை. 1990-க்கு அழைத்தோம், அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் சேலைன் ஏற்றி, குளிசையின் வேலை முழுதாக அடங்கும் வரை அடுத்த நாளும் வோர்ட்டில் வைத்திருந்தார்கள்.

அங்கே ஒருவர், பெயர் வேண்டாம், "வீட்டில மெஷின் வச்சு நீங்களே டொக்டரா?" என்று கேட்டார். நேரம் போட்டு எழுதிய தாளை நீட்டினேன். பார்த்த டொக்டர் அதைத்தான் முதலில் வாங்கிக் கொப்பிக்குள் வைத்தார்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். குளிசையைக் கடதாசி உறையில் போட்டுக் கிறுக்கித் தருகிறார்கள், சிலவேளை நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். காலை ஒன்று, இரவு ஒன்று என்பது மட்டும் புரியும், மருந்தின் பெயர் புரியாது. அவசரத்தில் எந்தக் குளிசையை நிறுத்துவது என்று ஒரு கிழவி எப்படிக் கண்டுபிடிப்பா? மருந்தின் பெயரைத் தமிழில் தெளிவாக எழுதித் தருவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? இதை நான் பல இடத்தில் கேட்டுவிட்டேன். நீங்கள் அடுத்தமுறை கவுண்டரிலேயே கேட்டு உறையில் எழுதுவித்து வாங்குங்கள்.

சரி, உங்கள் அம்மாவின் விசயம். நான் மேலே சொன்ன, இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகைக் குளிசை உள்ளே இருந்து, சாப்பாடு தங்கவில்லை என்றால், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாருங்கள். முன்னைய எண்ணிலிருந்து வேகமாக இறங்குகிறதென்றால், அல்லது 100-ஐ நெருங்கினால், ஒரு மணித்தியாலத்துக்குள் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் சீனி கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. அடுத்தடுத்து இரண்டு முறை 300-க்கு மேல் நின்றாலும், குடிக்கும் தண்ணியே தங்காவிட்டாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும் அப்படியே. அடுத்த வேளைக் குளிசையைக் கொடுப்பதா என்பதை இப்போதே டொக்டருக்கு அழைத்துக் கேளுங்கள்.

எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் எடுப்பவர் என்றால் நான் சொன்ன கணக்கு போதாது. அவர்களுக்கு மெஷினில் எண் சாதாரணமாக இருக்கும்போதே இரத்தத்தில் கீற்றோன் அமிலம் ஏறலாம். சத்தி தொடங்கியதும் அந்தக் குளிசையை நிறுத்தச் சொல்வது அதனால்தான். சத்தியோடு வயிற்றுவலி, மூச்சு வாங்கல் இருந்தால் எண்ணைப் பார்க்காமல் கிளம்புங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பிடவில்லை என்று அடிப்படை ஊசியைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, அளவை டொக்டர் மாற்றித் தருவார்.

சீனி வருத்தக்காரருக்கு ஜீவனி கொடுக்கப் பயப்படுகிறார்கள். ஒரு லீற்றரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, அது சீனியைப் பெரிதாக ஏற்றாது, தாராளமாகச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அதே காரணத்தால் சீனி இறங்கிய நேரத்தில் ஜீவனியை நம்பவும் கூடாது.

குத்துவதற்கு முன் அவவின் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். விரலில் சீனித் தண்ணியோ பழச்சாறோ ஒட்டியிருந்தால் மெஷின் கூட்டிக் காட்டும், நீங்கள் ஏறிவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். சாப்பாடு வழமைபோல ஒரு நாள் முழுக்கத் தங்கும் வரை குத்திப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம். ஸ்ட்ரிப் போத்தலில் எத்தனை மிச்சம் என்று பாருங்கள், குறைவு என்றால் மருந்துக்கடை பூட்ட முன்னம் யாரையாவது அனுப்பிவிடுங்கள்.