தலைக்குள் ஒரு கரப்பான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஓராண்டாக மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்து வருகிறேன். சென்ற வாரப் பாடத்தில் 'திமான்ஷ் சுவார், ழே லெ கஃபார்' என்று ஒரு வரி வந்தது. அகராதியில் 'கஃபார்' என்றால் கரப்பான்பூச்சி என்று இருந்ததால், 'ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டில் கரப்பான் வரும்' என்று எழுதினேன். ஆசிரியை அதை அடித்துவிட்டு, 'தலைக்குள் கரப்பான் இருப்பதுபோல மனம் சோர்ந்திருக்கிறது என்று பொருள்' என்றார். கரப்பானுக்கும் துயரத்துக்கும் என்ன தொடர்பு? அந்த வரியில் பூச்சி இல்லை என்பதைப் படிப்பவர் எப்படித் தெரிந்துகொள்வது?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கான விடை அந்த வரிக்குள்ளேயே, கஃபாருக்கு முன்னால் நிற்கும் 'லெ' என்ற சிறு சொல்லில் இருக்கிறது. தமிழில் பெயர்ச்சொல்லுக்கு முன் இப்படி ஒரு சொல் வருவதில்லை என்பதால் நம் கண் அதைத் தாண்டிப் பெயர்ச்சொல்லுக்கே போய்விடுகிறது. வீட்டில் பூச்சி இருப்பதைச் சொல்ல வேண்டிய பிரெஞ்சுக்காரர் 'ழே தே கஃபார்' என்பார். எண்ணிக்கை சொல்லாமல் 'சில கரப்பான்கள்' என்று பொருள்படும் பன்மை அது. பெரும்பாலும் 'சமையலறையில்' என்றோ 'குளியலறையில்' என்றோ இடத்தையும் சேர்த்தே சொல்வார். 'ழே லெ கஃபார்' என்று ஒருமையில், 'லெ' சேர்த்து, இடம் எதுவும் குறிக்காமல் சொன்னால் அது மனநிலையைத்தான் குறிக்கும்.

ஏன் 'லெ'? ஒருவரைப் பற்றிக்கொள்ளும் நோயையும் உடல் மன நிலைகளையும் பிரெஞ்சு மொழி இப்படித்தான் சொல்கிறது. காய்ச்சலும் சளியுமாகப் படுத்திருப்பவர் 'ழே லா கிரிப்' என்பார். மேடை ஏறுமுன் கைகால் நடுங்குபவர் 'ழே லெ த்ராக்' என்பார். உயரத்தில் தலை சுற்றுபவர் 'ழே லெ வெர்தீழ்' என்பார். கஃபார் இந்த வரிசையில் வந்து உட்கார்ந்த சொல். ஆகவே அந்த வாக்கியத்தில் கரப்பான் உடைமையாகவோ வீட்டுக்குள் வந்த உயிரியாகவோ இல்லை. சளி பிடித்ததுபோல ஒருவருக்குப் பிடித்த ஒன்றாக இருக்கிறது. 'கூ த கஃபார்', அதாவது திடீரென்று வந்து தாக்கும் கஃபார், என்றொரு தொடரும் உண்டு. வெயில் தாக்குவதைச் சொல்லும் தொடரும் இதே அமைப்பில்தான் இருக்கிறது.

இந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பெயரடை சேர்ந்தால் 'லெ' போய் 'அன்' வரலாம். 'ழே அன் கஃபார் மோன்ஸ்த்ர்' என்றால் 'எனக்குப் பயங்கரச் சோர்வு' என்றே பொருள். அரக்கத்தனமான பூச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேடை நடுக்கத்துக்கும் இதே மாற்றம் நிகழ்கிறது என்பதால், நோய்ச் சொற்களின் வரிசையில் கஃபாரை வைத்தது சரிதான் என்பதற்கு இதுவும் சான்றாகிறது. ஐயம் வந்தால் இன்னொரு சோதனை செய்து பார்க்கலாம். கரப்பானுக்குப் பிரெஞ்சில் 'பிளாத்', 'கான்க்ரெலா' என்று வேறு பெயர்களும் உண்டு. பூச்சியைப் பற்றிய வாக்கியத்தில் கஃபாரை எடுத்துவிட்டு பிளாத்தை வைத்தால் பொருள் மாறாது. 'ழே லா பிளாத்' என்று மட்டும் எவரும் சொல்வதில்லை. சோர்வு அந்தப் பூச்சியின் மேல் ஏறவில்லை, அந்தப் பூச்சிக்கு உள்ள பல பெயர்களில் ஒன்றின் மேல் மட்டும் ஏறியிருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறேன்: பூச்சியின் இயல்பை ஆராய்வதைவிட, சொல் நடந்து வந்த பாதையைப் பார்ப்பது பயன் தரும்.

அந்தப் பாதையின் தொடக்கத்தில் பூச்சி இல்லை. நம்பிக்கையற்றவரைக் குறிக்கும் 'காஃபிர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து கஃபார் வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் 'காபிர்' என்று இருக்கிறதே, அதே சொல்தான். பிரெஞ்சுக்குள் வந்தபோது அதனோடு இழிவுப் பொருள் தரும் 'ஆர்' என்ற விகுதி சேர்ந்து, பொருளும் ஒரு சுற்றுத் திரும்பியது. நம்பிக்கை இல்லாதவரைக் குறித்த சொல், நம்பிக்கை இருப்பதுபோல நடிப்பவரை, அதாவது பக்தி வேடதாரியைக் குறிக்கலாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் ரபலே எழுதிய 'கார்கான்துவா'வில் தெலெம் மடத்தின் வாயிலில் பொறித்த வரிகள், யார் யார் உள்ளே வரக் கூடாது என்று ஒரு நீண்ட பட்டியல் தருகின்றன. பாசாங்குக்காரரோடும் போலிப் பக்தரோடும் சேர்ந்து, காலில் மெத்துச் செருப்பு அணிந்த கஃபார்களும் அதில் இருக்கிறார்கள். அந்தச் செருப்பை நான் மறப்பதே இல்லை. ஓசைப்படாமல் நடந்து, இருளில் ஒதுங்கி, வெளிச்சத்தைக் கண்டால் விலகுகிற கரிய உருவம் என்று அந்த மனிதரை எண்ணிப் பார்த்தால், அதே நூற்றாண்டிலேயே இந்தப் பெயர் கரப்பானுக்குப் போனது வியப்பாக இராது. இன்றும் பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள், கூடப் படிப்பவனை ஆசிரியரிடம் காட்டிக்கொடுப்பவனைக் கஃபார் என்று அழைப்பது இந்தப் பழைய பொருளின் மிச்சம்.

வேடதாரியிலிருந்து பூச்சிக்கு வந்த வழி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, பூச்சியிலிருந்து சோர்வுக்குப் போன வழியைப் பற்றி மட்டும் ஓர் அவசர விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. 1857இல் வெளிவந்த 'தீமையின் மலர்கள்' தொகுப்பில் பொதலேர் இந்தச் சொல்லை மனச்சோர்வுக்குப் பயன்படுத்தினார், அங்கிருந்து பரவியது என்பார்கள். அவர்கள் காட்டும் கவிதை 'அழிவு'. அதைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். தன்னைக் காற்றுப்போலச் சூழ்ந்திருக்கும் ஒரு பேயைப் பற்றிக் கவிஞர் பேசுகிறார். கலை மேல் தனக்குள்ள காதலை அறிந்த அந்தப் பேய் சில வேளை மயக்கும் பெண்ணாக உருவெடுத்து, கஃபாரின் ஏற்கத் தகுந்தவைபோல் தோன்றும் சாக்குகளைச் சொல்லி, தன் உதடுகளை இழிந்த மருந்துகளுக்குப் பழக்குகிறது என்கிறார். வேடம் போட்டு வந்து, நல்லவிதமாகத் தோன்றும் காரணம் சொல்லி ஏமாற்றுவது யார்? பழைய பக்தி வேடதாரிதான். இங்கே சோர்வு என்று பொருள் கொண்டால் வரி தளர்ந்துபோகிறது. வேடதாரி என்று கொண்டால் பேயின் உருமாற்றத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. மேலும் இருளடைந்த மனத்தைச் சொல்ல வேண்டுமானால் பொதலேரிடம் வேறு சொற்கள் இருந்தன. சில வரிகள் தள்ளி, இறைவனின் பார்வைக்கு அப்பால், களைத்து மூச்சிரைக்க அந்தப் பேய் தன்னைக் கொண்டுபோய் விடும் வெளியை அவர் 'ஆன்னுய்', சலிப்பு, என்றே பெயரிட்டு அழைக்கிறார். ஆகவே அந்தப் பெருமையைப் பொதலேருக்குத் தர என் மனம் ஒப்பவில்லை.

சோர்வுப் பொருள் ஊன்றி வளர்ந்த இடம் வட ஆப்பிரிக்காவிலிருந்த பிரெஞ்சுப் படை என்பதே என் துணிபு. 1831இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டுப் படைப்பிரிவுக்கு அல்ஜீரியாவின் சிதி பெல் அப்பெஸ் நகரம் நெடுங்காலம் தலைமையிடமாக இருந்தது. பாலைவன விளிம்பின் சிறு காவல் அரண்களில் அதன் வீரர்கள் மாதக்கணக்கில் கிடந்தார்கள். போர் இல்லை, செய்ய வேலை இல்லை, கடிதம் வருவது அரிது, வெயில் மட்டும் நாள்தோறும் தவறாமல் வரும். அந்த நிலையில் ஒருவன் பேச்சை நிறுத்திவிடுவதையும், காரணமின்றிச் சண்டைக்கு எழுவதையும், ஓடிப்போக முயல்வதையும், சில வேளை தன்னையே மாய்த்துக்கொள்வதையும் உடனிருந்தவர்கள் கஃபார் என்ற ஒரே சொல்லால் குறித்தார்கள். மண்டைக்குள் ஒரு பூச்சி சுற்றிச் சுற்றி ஊர்கிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். உங்கள் ஆசிரியை சொன்ன 'தலைக்குள்' இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அன்றாடத் தொடரில் தலை என்ற சொல் வருவதில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

தலைக்குள் பூச்சி என்பது அவர்கள் புதிதாகக் கண்ட படிமமும் அன்று. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் மண்டை ஓட்டுக்கு வீட்டின் உட்கூரையைக் குறிக்கும் 'பிளாஃபோன்' என்ற பெயர் உண்டு. அங்கே வண்டு இருந்தாலும் சிலந்தி இருந்தாலும் அந்த ஆள் கொஞ்சம் புத்தி பேதலித்தவர். சோர்வுக்கே 'அவுவார் லெ பூர்தோன்' என்று இன்னொரு தொடர் இருக்கிறது. பூர்தோன் என்பது ரீங்கரிக்கும் பெரிய வண்டு, அங்கும் அதே 'லெ'. தமிழில் மண்டையைக் குடைகிறது என்றால் விடை தெரியாத கேள்வி ஒன்று விடாமல் தொந்தரவு செய்கிறது என்று கொள்கிறோம். பிரெஞ்சில் அதே குடைச்சல் ஓர் இடத்தில் பித்தாகவும் ஓர் இடத்தில் துயரமாகவும் ஆகியிருக்கிறது.

படைமுகாமின் சொல்லை வீடுதோறும் கொண்டுசேர்த்தது முதல் உலகப் போர். 1914க்குப் பின் பதுங்குகுழிகளில் சேற்றில் நின்றிருந்த இலட்சக்கணக்கான பிரெஞ்சு வீரர்களின் கடிதங்களில் கஃபார் திரும்பத் திரும்ப வருகிறது. குறிப்பாக, வடக்கு மாவட்டங்களை ஜெர்மானியர் கைப்பற்றியதால் வீட்டோடு தொடர்பறுந்தவர்கள் எந்தக் கடிதமும் வராமல் தவித்தார்கள். 1915இல் தொடங்கிய 'போர்க்கால ஞானத்தாய்' ஏற்பாட்டில், முகம் அறியாத பெண்கள் அத்தகைய வீரர்களுக்குக் கடிதமும் பொட்டலமும் அனுப்பினார்கள்; கஃபாரை விரட்டுவதே அதன் நோக்கம் என்று அன்று வெளிப்படையாகப் பேசினார்கள். திரும்பி வந்தவர்கள் அந்தச் சொல்லையும் கொண்டுவந்தார்கள். வீட்டுப் பேச்சில் அதன் வேகம் தணிந்தது. பாலைவன அரணில் உயிர் குடித்த சொல் இன்று ஒரு மாலைப் பொழுதின் வாட்டத்தைச் சொல்லப் பயன்படுகிறது. மருத்துவர் பெயரிட்டு மருந்து தரும் நோய்க்கு 'தெப்ரெசியோன்' என்ற தனிச் சொல் இருக்கிறது. கஃபார் என்பது வரும், சில மணி நேரமோ சில நாளோ இருக்கும், போகும்.

நான் பிரான்சில் படித்த காலத்தில், மாடியில் தனியாக இருந்த ஒரு மூதாட்டி நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் என் கதவைத் தட்டினார். மணி ஐந்துதான், வெளியே இருட்டிவிட்டது. வாசலில் நின்றபடியே 'ழே லெ கஃபார்' என்றார். கையில் இரண்டு பேருக்கான தேநீர்க் கோப்பைகள் இருந்தன. உங்கள் பாடத்தில் ஞாயிறு மாலை வந்தது தற்செயல் அன்று. விடுமுறை முடிந்து மறுநாள் வேலை தொடங்கப்போகும் அந்த நேரத்தோடு இந்தச் சொல்லை இணைத்துப் பேசுவது பிரெஞ்சுக்காரர்களின் வழக்கம்.

மொழிபெயர்க்கும்போது கரப்பானைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். சொல்பவர் அந்த நேரத்தில் பூச்சியை நினைப்பதில்லை. நாம் அதைத் தமிழில் வைத்தால் அவர் நினைக்காத ஒன்றை அவர் வாயில் வைத்தவர்கள் ஆவோம். அயல்நாட்டுப் படைவீரன் பேசும் கதையாக இருந்து, அவனே மண்டைக்குள் ஊரும் பூச்சியை விவரித்தால் மட்டும் பூச்சி இருக்கட்டும். 'மனச்சோர்வு' என்பது மருத்துவமனைச் சீட்டின் சாயல் கொண்டது என்பதால் அதையும் நான் தவிர்ப்பேன். உங்கள் பாட வரியை 'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் எனக்கு மனசே சரியிருக்காது' என்று எழுதிப் பாருங்கள்.