சித்தப்பா ஏன் கிளார்க்காகவே இருக்கிறார்?

கேள்வி: எனக்கு 25 வயது. பொதுத்துறை வங்கியில் கிளார்க் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். ஒரு தனியார் வங்கியும் விற்பனை அதிகாரியாக அழைக்கிறது. சம்பளம் சற்று அதிகம். மூன்று வருடத்தில் கிளை மேலாளர் ஆகலாம் என்கிறார்கள். நான் பார்த்த கிளையில் அதே பதவியில் 12 பேர் இருக்கிறார்கள். மேலாளர் ஐந்து மாதம் முன்பு வேறு வங்கியிலிருந்து வந்தவர். கிளார்க் வேலையில் வளர்ச்சியே கிடையாது. என் சித்தப்பா, பாட்டியைக் கூட வைத்துக்கொண்டு, 22 வருடமாக எங்கள் ஊர்ப் பக்கமே கிளார்க்காகக் காலத்தை ஓட்டிவிட்டார். நான் எதில் சேரலாம்?
- பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: பாட்டியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

பொதுத்துறை வங்கிகள் கிளார்க்குகளை மாநிலவாரியாக, அந்த மாநில மொழி தெரிந்தவர்களாகப் பார்த்து எடுக்கின்றன. அதனால் பெரும்பாலோர் சொந்த மாநிலத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற முடிகிறது. அதிகாரியாகிவிட்டால் நாட்டின் எந்த மூலைக்கும் மாற்றலாம். பதவி உயர்வோடு வெளியூர் மாறுதலும் சேர்ந்து வரும் என்பது தெரிந்ததால்தான், படுக்கையில் தாயும் பள்ளியில் பிள்ளைகளும் உள்ள பலர் பதவி உயர்வுத் தேர்வுக்கு விண்ணப்பிப்பதே இல்லை. சிலர் தேர்வான பிறகும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் சித்தப்பா அப்படி எத்தனை முறை எழுதிக் கொடுத்தார் என்று கேட்டீர்களா? பாட்டிக்கு அவரைத் தவிரவும் பிள்ளைகள் உண்டு; உங்கள் அப்பாவே ஒருவர். தாயைத் தன்னோடு வைத்துக் காப்பாற்றியவரைக் காலத்தை ஓட்டியவர் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

வருத்தத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் கணக்கும் இங்கேதான் தப்பியிருக்கிறது. ஓர் அலுவலகத்தில் எத்தனை பேர் மேலே போனார்கள் என்பதை, அங்கே இருப்பவர்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. போக விரும்பி விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்க்க வேண்டும். நூறு கிளார்க்குகளில் 20 பேர் விண்ணப்பித்து 8 பேர் தேர்வானால், நூற்றுக்கு எட்டு என்று பார்ப்பவர் கதவு அடைத்திருக்கிறது என்பார். எழுதியவர்களில் ஐந்துக்கு இரண்டு பேர் தேறினார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும் கணக்கு. இவை விளக்கத்துக்கு நான் போட்ட எண்கள். உங்கள் வங்கியின் உண்மையான எண்களைக் கேட்டுப் பெறலாம், ஏனென்றால் அங்கே பதவி உயர்வு சுற்றறிக்கை போட்டு நடக்கிறது. எத்தனை இடங்கள், எத்தனை ஆண்டுப் பணி வேண்டும், பணிமூப்பு வழியில் எத்தனை, விரைவு வழியில் எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். கடந்த மூன்று சுற்றறிக்கைகளையும் தேர்வானோர் பட்டியல்களையும் சித்தப்பாவிடமோ தொழிற்சங்கத்திலோ கேளுங்கள். எத்தனை பேர் எழுதினார்கள் என்பதும் சங்கத்தாருக்குத் தெரிந்திருக்கும். வங்கி ஊழியர்கள் எழுதும் ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகளை முடித்தவர் எத்தனை ஆண்டில் அதிகாரியானார் என்பதைத் தனியாகக் கேளுங்கள். அந்தத் தேர்வுகளை முடித்தால் சம்பள உயர்வும் உண்டு. அதிகாரியான பிறகு ஸ்கேல் ஒன்று முதல் ஏழு வரை படிகள் இருக்கின்றன. ஏற ஏறப் படி குறுகும், ஊர் தூரமாகும்.

தனியார் வங்கியில் சொன்ன மூன்று வருடத்துக்கு வருவோம். அந்தக் கிளையில் 12 பேருக்கு ஒரு மேலாளர் நாற்காலி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அது காலியாகி, உள்ளே இருப்பவருக்கே கொடுத்தாலும் ஒருவர்தான் உட்கார முடியும்; உங்களிடம் சொன்னதையே அந்த 12 பேரிடமும் சொல்லியிருப்பார்கள். ஐந்து மாதம் முன்பு அது காலியானபோது அந்த 12 பேரில் ஒருவருக்கும் கொடுக்காமல் வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்தும் நீங்கள் அவர்கள் வாய்ச்சொல்லை நம்புகிறீர்கள். புதிய கிளைகள் வேகமாகத் திறந்தால் இந்தக் கணக்கு மாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆகவே மனிதவள அதிகாரியிடம் நேராகக் கேளுங்கள்: மூன்று வருடம் முன்பு இந்த வட்டாரத்தில் இதே பதவியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்றும் இருப்பவர்கள் எத்தனை, மேலாளரானவர்கள் எத்தனை? விலகிப் போனவர்களை விட்டுவிட்டு மிஞ்சியவர்களை மட்டும் வைத்து அவர் கணக்குச் சொன்னால் ஏற்காதீர்கள். துணை மேலாளர், முதுநிலை அதிகாரி என்று பெயர்கள் மாறியதையும் பதவி உயர்வாகச் சொல்வார்கள். மாதா மாதம் அதே டெபாசிட் இலக்கையும் காப்பீட்டு இலக்கையும் துரத்திக்கொண்டிருந்தால் மாறியது விசிட்டிங் கார்டு மட்டும்தான்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நான் கிளார்க் வேலையில்தான் சேரச் சொல்வேன். ஆனால் பத்து வருடம் கழித்து உங்கள் அம்மா அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள், ஏனென்றால் பதவி உயர்வு ஆணை வரும் நாளில் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தப்போகும் கேள்வி அதுதான். நீங்கள் ஒரே பிள்ளையா, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்பதை எனக்கு எழுதவே இல்லை.