200 ரூபாயைத் தாண்டியும் ஷேர் ஏன் திரும்பி விழுகிறது?

கேள்வி: காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்கிறேன். நான் கவனித்துவரும் ஒரு ஷேர் ஐந்து மாதமாக 180-க்கும் 200-க்கும் நடுவிலேயே சுற்றுகிறது. 200-ஐத் தாண்டியதும் இரண்டு முறை வாங்கினேன். இரண்டு முறையும் மறுநாளே கீழே வந்துவிட்டது. நிஜமான பிரேக்அவுட்டை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தாண்டிய நாளை விட்டுவிட்டு, முதலில் அந்த ஐந்து மாதச் சார்ட்டைப் பாருங்கள். லட்சக்கணக்கில் ஷேர் வாங்க நினைக்கும் பெரிய ஃபண்ட் ஒரே நாளில் வாங்கினால் விலை ஏறிவிடும். அதனால் 180 பக்கம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும். இதுதான் அக்குமுலேஷன். ஏற்கெனவே நன்றாக ஏறிய ஷேரை 200 பக்கம் வரும்போதெல்லாம் விற்றுக் கழிப்பது டிஸ்ட்ரிபியூஷன். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். வித்தியாசம் வால்யூமில், அதாவது ஒரு நாளில் கைமாறும் ஷேர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

உங்கள் ஷேரில் தினசரி சராசரி 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இறங்கும் நாட்களில் 2 லட்சம், ஏறும் நாட்களில் 6 லட்சம், ஒவ்வொரு இறக்கமும் 180, 184, 188 என்று மேலேயே நிற்கிறது என்றால் சேர்ப்பு நடப்பதாக நினைக்கலாம். நடுவில் ஒருநாள் 177-க்கு இறங்கி, ஓரிரு நாளில் 180-க்கு மேல் மீண்டிருந்தால் அது இன்னும் நல்ல அடையாளம். பயந்தவர்கள் விற்றதை யாரோ வாங்கிக்கொண்டார்கள். மாறாக, 200 பக்கம் 7 லட்சம் கைமாறியும் விலை 196-ல் முடிகிறது, அடுத்த ஏற்றம் 197-லேயே நின்றுவிடுகிறது என்றால் மேலே யாரோ விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் வாங்கிய இரண்டு நாட்களும் இப்படித்தானா என்று பாருங்கள்.

கைமாறிய ஷேர்களில் அன்றே விற்கப்படாமல் வாங்கியவர் கணக்குக்குப் போனவை எத்தனை சதவீதம் என்பதுதான் டெலிவரி சதவீதம்; அது என்எஸ்இ இணையதளத்தில் கிடைக்கும். வழக்கமாக 45% இருக்கும் ஷேரில், தாண்டிய நாளில் வால்யூம் மூன்று மடங்காகி டெலிவரி 15% ஆனால், அது பெரும்பாலும் அன்றே வாங்கி அன்றே விற்றவர்களின் கூட்டம். ஆனால் டெலிவரி அதிகம் என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். வாங்கியவர் எடுத்துப்போன அதே ஷேரை இன்னொருவர் விற்றிருக்கிறார் அல்லவா!

அப்புறம், பகலில் 200-ஐத் தொட்டதும் வாங்க வேண்டாம். 204 போல, அன்றைய உச்சத்துக்குப் பக்கத்தில், 10 லட்சம் வால்யூமோடு முடியட்டும். அடுத்த சில நாட்களில் குறைந்த வால்யூமில் 201 பக்கம் இறங்கி, 200-ஐ உடைக்காமல் திரும்பினால் 203-ல் வாங்கலாம். சில ஷேர்கள் இறங்காமலே ஓடிவிடும்; அவற்றை விட்டுவிடுங்கள். ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டத்தோடு விற்று வெளியேறும் விலை, 195. இத்தனையும் பொருந்தி வந்த பிரேக்அவுட்டும் தோற்பதுண்டு. அதனால் கையில் 1 லட்சம் இருந்து, ஒரு வர்த்தகத்தில் 1,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்றால், 8 ரூபாய் இடைவெளிக்கு 125 ஷேர்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் விற்பனை படுத்துவிடும். அந்த இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை இதில் போடவே போடாதீர்கள். ரேஞ்சிலிருந்து ஒரு ஷேர் எப்போது வெளியே வரும் என்பதற்குத் தேதி கிடையாது.