லூசேர்னா, கௌப்பியா? வெங்காயம் கிண்டிய தறையில் மாட்டுத்தீனி

கேள்வி: ஐயா, உரும்பிராயில 6 பரப்பு செம்மண் தறை இருக்கு. சித்திரையில வெங்காயம் கிண்டினாப்பிறகு 3 பரப்பைச் சும்மா விடுறனான். இரண்டு ஜேர்சிக் கலப்பு மாடு, ஒவ்வொண்டும் 8 லீற்றர் கறக்குது, ஆனா உடம்பு வத்திக்கொண்டு போகுது. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 20 கிலோ சிஓ-3 புல், 3 கிலோ வைக்கல், 2 கிலோ தேங்காய்ப் புண்ணாக்கு. புண்ணாக்கு வாங்கிக் கட்டுதில்லை. லூசேர்ன் போட்டா புண்ணாக்கை நிப்பாட்டலாம் எண்டு ஒருத்தர் சொல்லுறார், கௌப்பி போடு எண்டு இன்னொருத்தர். எதைப் போடுறது?

பதில்: கௌப்பியைப் போடுங்கள். புண்ணாக்கை நிறுத்துகிற கதையை மட்டும் விட்டுவிடுங்கள், ஏனென்று பிறகு சொல்கிறேன்.

லூசேர்ன், இந்தியாவில் குதிரைமசால் என்பார்கள், புரதத்தில் கௌப்பியை விட ஒரு படி மேல்தான். ஆனால் அது ஓரிடத்தில் 3, 4 வருடம் நிற்கிற பயிர். முதல் வெட்டுக்கே இரண்டரை மாதம் காத்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் மாதத்துக்கு ஒருக்கால் வெட்டலாம். இரண்டு வெங்காயத்துக்கு நடுவில் அதை அடக்க முடியாது. நான் கோப்பாயில் ஒரு பரப்பில் போட்டுப் பார்த்தவன். நம்மூர் மண்ணில் உள்ள சுண்ணாம்பு அதற்குப் பிடிக்கும் என்று நம்பித்தான் போட்டேன், முளையும் நன்றாகவே வந்தது. பிறகு கோரை மேலே ஏறிவிட்டது, கன்றுகள் வெளிறின. பிடுங்கிப் பார்த்தால் வேரில் ஒரு முடிச்சும் இல்லை. லூசேர்னுக்கென்று தனி வேர்முடிச்சுப் பக்டீரியா உண்டு. அது நம் மண்ணில் இருக்காது, விதையில் கலந்துதான் போட வேண்டும். எனக்கு விதை விற்றவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. யூரியா போட்டு மூன்று வெட்டு எடுத்தேன். ஐப்பசி மழையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது, வேர் அழுகி எல்லாம் போயிற்று. கௌப்பிக்குத் தேவையான பக்டீரியா பயறும் கௌப்பியும் கண்ட தறைகளில் ஏற்கெனவே இருக்கும்.

இனி உங்கள் மாட்டின் கணக்கு. 350 கிலோ எடையுள்ள மாடு 8 லீற்றர் கறந்தால் நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் புரதம் வேண்டும். நீங்கள் போடுகிற புல்லில் 320 கிராம் அளவில் கிடைக்கும், வைக்கலில் 100, புண்ணாக்கில் 400. கூட்டினால் 820. ஏறக்குறைய 230 கிராம் குறைகிறது. உடம்பு வற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். பூக்கும் பருவத்தில் வெட்டிய பச்சைக் கௌப்பி 10 கிலோவில் 250 கிராம் புரதம் இருக்கும், குறை அடைபட்டுவிடும். இதையே கடையில் வாங்கி அடைப்பதென்றால் இன்னும் ஒன்றேகால் கிலோ புண்ணாக்கு வேண்டும். உங்களுக்கு மிச்சமாவது அந்த ஒன்றேகால் கிலோவின் காசு. இப்போது போடுகிற 2 கிலோவையும் நிறுத்தினால் கௌப்பியை 26 கிலோவாக்க வேண்டி வரும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். வயிறு நிறையும், சாணம் கழியும், புண்ணாக்கின் எண்ணெயில் கிடைத்த சக்தியும் போய்விடும்.

ஒரு பரப்பில் 400 முதல் 500 கிலோ பச்சை எதிர்பார்க்கலாம். முழுப் பரப்பையும் ஒரே நாளில் விதைப்பதுதான் எல்லாரும் விடுகிற பிழை. முதல் பூ தெரிவது முதல் காய் பிஞ்சாக இருக்கும் வரை, இரண்டு கிழமைக்குள்தான் அது நல்ல தீனி. காய் முற்றினால் தண்டு நாராகும், அடியிலை மஞ்சளாகிக் கொட்டும், புரதமும் அதோடு போகும். உங்கள் இரண்டு மாட்டுக்கும் நாளுக்கு 20 கிலோ போதும். ஆகவே 10 நாளுக்கு ஒருமுறை அரைப் பரப்பு விதையுங்கள். 3 பரப்பில் ஆறு விதைப்பு, இரண்டு மாதத் தீனி.

அரைப் பரப்புக்கு அரைக் கிலோ விதை. வரிசைக்கு ஓர் அடி இடைவெளி, விதைக்கு விதை அரை அடி. எம்ஐ-35 போன்ற குறுகிய வயது இனம் காய்க்கு நல்லது. தீனிக்குக் கொடி ஓடி இலை விரிகிற இனமாகப் பாருங்கள். சித்திரை மழை ஈரத்தில் முளைத்துவிடும். சோளகக் காற்று தொடங்கினால் 5, 6 நாளுக்கு ஒரு இறைப்பு வேண்டும். 50 முதல் 55 நாளில் வெட்டலாம். அடியோடு வெட்டினால் மறுதளிர் வராது, ஒரு வெட்டோடு சரி. வெங்காயத்துக்குப் போட்ட பசளை மண்ணில் மிஞ்சியிருக்கும் என்பதால் யூரியா வேண்டாம். போட்டால் வேர்முடிச்சு கட்டாது. நுனியில் கரும்பேன் ஏறினால் வெங்காயத்துக்கு வைத்திருக்கும் மருந்தை எடுத்துவிடாதீர்கள், அது பாலுக்குள் வரும். சவர்க்காரத் தண்ணீர் அடியுங்கள், கூடிப்போனால் நாளுக்கு முன்பே வெட்டிப் போடுங்கள்.

30ஆம் நாளில் இரண்டு கன்றை மண்வெட்டியால் மண்ணோடு கிளப்பி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரின் பக்கத்தில் ஒட்டிய உருண்டைகள் பெருவிரல் நகத்தால் தட்டினால் கழன்று விழும். ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை செய்கிறது, பச்சை அல்லது சாம்பல் நிறம் என்றால் இல்லை. உருண்டை கழராமல் வேரே வீங்கி முறுகியிருந்தால் அது வேர்முடிச்சு வட்டப்புழு. கௌப்பி அதற்கு நல்ல விருந்து. அந்தத் தறையில் அடுத்து மிளகாய், கத்தரி, புகையிலை வைத்தால் வாடும். வெட்டியவுடன் வேரையும் கிளப்பிக் காயவைத்துக் கொளுத்திவிடுங்கள், அந்த இடத்தைக் கோடையில் உழுது வெயிலுக்கு விடுங்கள்.

கௌப்பி போட்டால் அடுத்த பயிருக்கு யூரியாவே வேண்டாம் என்று ஒரு பேச்சும் உண்டு. காய் பறித்துக் கொடியை மண்ணில் உழுதால் ஓரளவுக்குச் சரி. நீங்கள் கொடியை மாட்டுக்கு வெட்டிப் போகிறீர்கள், அதிலிருந்த தழைச்சத்து கொட்டிலுக்குப் போய்விடுகிறது. அது திரும்பித் தறைக்கு வருவது சாணமாகவும் மாட்டுமூத்திரமாகவும்தான். கொட்டில் தரையில் சருகு போட்டு மூத்திரத்தை ஊறவைத்து அதையும் குப்பையோடு சேருங்கள். பாதிப் பலன் அதில்தான்.

போடும் முறை: காலையில் வெட்டி நிழலில் 3, 4 மணிநேரம் வாட விடுங்கள். முதலில் வைக்கல், பிறகு புல், அதன்பின் கௌப்பி. முதல் நாள் 3 கிலோவில் தொடங்கி ஒரு கிழமைக்கு மேலாக 10க்குக் கூட்டுங்கள். பனியோ மழையோ நனைத்த கௌப்பியை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு ஊதும். லூசேர்னில் அது இன்னும் கடுமை. இடது விலாவுக்குப் பின் உள்ள குழி மேடாகி, தட்டினால் மத்தளம் போலக் கேட்டால் தீனியை நிறுத்தி, மாட்டை முன்கால் மேடான இடத்தில் நிறுத்திவிட்டு, உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.