குரூப்ல சண்டை முத்துது, எப்ப பர்சனலுக்குப் போறது?

"எங்க அபார்ட்மெண்ட்ல நான்தான் ட்ரெஷரர், 32 வீடு. லிஃப்ட் ரிப்பேருக்கு 84,000 ஆச்சுன்னு வாட்ஸப் குரூப்ல கணக்கு போட்டேன். ஒரு ஓனர் கொட்டேஷன் எங்கன்னு ஆரம்பிச்சு இப்ப யாருக்கு எவ்ளோ கமிஷன்ங்கிற வரைக்கும் வந்துட்டார், நானும் சூடா ரெண்டு மூணு போட்டுட்டேன். பர்சனல்ல பேசலாம்னா எதையோ மறைக்கிறேன்னு சொல்லுவாங்களோன்னு பயம். எப்ப போனா சரி?"

உங்க பயம் நியாயமானதுதான், ஏன்னா இதுல பாதிதான் பர்சனலுக்குப் போகணும். கொட்டேஷன் கேள்வி 32 வீட்டுக் காசு பத்தினது, அதை அவர் ஒருத்தர் கேட்டாலும் பதில் எல்லாருக்கும் சேர வேண்டியது, அது குரூப்லயே இருக்கணும். கமிஷன்னு குத்துனதும் நீங்க திருப்பிக் குடுத்ததும் உங்க ரெண்டு பேர் சமாச்சாரம். முதல்ல பில்லு, கொட்டேஷன், பணம் போன பேங்க் விவரம் மூணையும் போட்டோ எடுத்து குரூப்ல போடுங்க, அப்புறம் தான் பர்சனல். ஒரே கொட்டேஷன் தான் வாங்கினீங்கன்னா அதையும், ஏன் அப்படி பண்ணோம்னும் நீங்களே சொல்லிடுங்க, அவரா கண்டுபிடிச்சா கதையே வேற. இதைச் செய்யாம தனியா போனீங்கன்னா நீங்க பயப்படுற பேச்சு கண்டிப்பா வரும்.

எப்பங்கிறதுக்கு கடைசி பத்து மெசேஜை ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. வேற வீட்டுக்காரங்களும் பில்லு கேட்டுட்டு இருந்தா இன்னும் அது பொது விஷயம், அங்கயே பதில் சொல்லுங்க. எழுதுறது நீங்க ரெண்டு பேர் மட்டும், மத்தவங்க கம்முனு இருக்காங்க இல்லன்னா கும்புடுற இமோஜி போட்டுட்டு நழுவுறாங்கன்னா நேரம் வந்தாச்சு. இன்னொரு அடையாளம், பில்லு போட்டப்புறமும் அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லாம "சில பேருக்கு பதவி ஆசை"ன்னு சாடையா வரும், அதுவரைக்கும் இருந்த 'சார்' காணாம போயிருக்கும். மூணாவது ஆள் ஒருத்தர் அவருக்கு சப்போர்ட்டா குதிக்கிறதுக்கு முன்னாடி போயிடுறது நல்லது, ஏன்னா ஆள் சேர்ந்துட்டா அவங்க முன்னாடி இறங்கி வர அவருக்கு கௌரவக் குறைச்சலா இருக்கும். அந்தக் கட்டம் தாண்டிருச்சுன்னா மெசேஜ் வேலைக்கு ஆகாது, நேரா போன் தான்.

போறப்ப குரூப்ல "பர்சனல்ல வாங்க"ன்னு மட்டும் போட்டுடாதீங்க, அது தெருவுல தனியா வாடான்னு கூப்பிடுற மாதிரி கேக்கும். "கணக்கு பத்தி எது கேட்டாலும் இங்கயே சொல்றேன், மத்ததை நானும் சாரும் பேசிக்கிறோம்"னு ஒரு வரி போதும். Reply privately அமுக்காதீங்க, அவர் குரூப்ல போட்டது மேல கோட் ஆகி வரும், ஆதாரத்தை மூஞ்சிக்கு நேரா காட்டுற மாதிரி ஆயிடும். புதுசா, காலைல, இப்படி அனுப்புங்க:

"சார் வணக்கம். பில்லு, கொட்டேஷன் குரூப்ல போட்டுட்டேன், அதுல சந்தேகம்னா அங்கயே கேளுங்க. கமிஷன்னு நீங்க சொன்னது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, நானும் கொஞ்சம் கடுப்பா எழுதிட்டேன். சாயங்காலம் பத்து நிமிஷம் கீழ பேசலாமா?"

இதுல கணக்கைப் பத்தி வாதமே இல்ல பாருங்க, அது வேணும்னே தான். அவர் இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியையும் அப்படி நினைச்சுப் பாத்துட்டு அனுப்புங்க. ப்ளூ டிக் வந்து பதில் வரலன்னா ஒரு நாள் விடுங்க, ரெண்டாவது மெசேஜ் போட்டுத் துரத்தாதீங்க. அங்கயும் அவர் கமிஷன்லயே நின்னா "சரி சார், கமிட்டி மீட்டிங்ல வெச்சுப் பேசலாம்"னு நிறுத்திடுங்க, திரும்ப குரூப்ல வந்து கொட்ட வேணாம்.

நீங்க அட்மினா இருந்தா அவர் மெசேஜை டெலீட் பண்றதோ, அட்மின் மட்டும் எழுதுற மாதிரி குரூப்பை மாத்துறதோ இப்ப வேணாம், வாயை அடைச்சிட்டாங்கன்னு தான் பேசுவாங்க. ஆனா மிரட்டல், இல்ல ஒரு பொண்ணைப் பத்தி அசிங்கமா எழுதுறதுன்னா கதை வேற. அங்க பாதிக்கப்பட்டவங்களை தனியா பேசித் தீத்துக்கோன்னு அனுப்பவே கூடாது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிட்டு மெசேஜைத் தூக்கிட்டு கமிட்டி சேந்து அந்த ஆள்கிட்ட பேசணும்.

பேசி முடிச்சா குரூப்புக்கு ஒரு முடிவு சொல்லியாகணும், இல்லன்னா என்ன டீல் போட்டாங்கன்னு கேப்பாங்க. உதாரணத்துக்கு, இனிமே 25,000க்கு மேல வேலைன்னா மூணு கொட்டேஷன் வாங்கலாம்னு கமிட்டில வைக்கிறதா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீங்கன்னு வைங்க, போடுறதுக்கு முன்னாடி அந்த வரியை அவருக்கு அனுப்பி ஓகே வாங்கிக்கோங்க, அவரே போடுறேன்னா இன்னும் நல்லது, அவர் கேட்டதுல தான் வந்ததுன்னு இருந்துட்டுப் போகட்டும்.